மாவு பொங்குவது முதலில், புளிப்பது பிறகு



டிஸ்பென்சரிக்கு வருகிறவர்கள் காய்ச்சல், இருமல், வெட்டுக்காயம் என்றுதான் வருவார்கள். மருந்தை வாங்கிக்கொண்டு வாசற்படி தாண்டும்போது, "ஏங்க டிரஸர், ரெண்டு வாரமா தோசை மாவு பொங்கவே மாட்டேங்குது, என்ன காரணம்?" என்று கேட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. இது டிரஸரிடம் கேட்கிற கேள்வியா என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் மாவு பொங்குவதும் கிருமியின் வேலைதான். நோய் கொடுக்கும் கிருமி போல, நமக்கு நன்மை செய்யும் கிருமியும் உண்டு. ஆகவே இந்த மாதம் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

இதை எழுதத் தூண்டியது சிங்கப்பூரில் என் தங்கச்சி வீட்டில் நடந்த ஒரு சங்கதி. தங்கச்சி குடும்பம் சைனாடவுனில், சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில், வீவக அடுக்குமாடி வீட்டில் இருக்கிறது. எங்கள் அம்மாவும் அங்கேதான். அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல், இரத்த அழுத்தம் உண்டு. உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

ஒரு மே மாதம் அவர்களைப் பார்க்கப் போயிருந்தேன். காலையில் தங்கச்சி மாவுப் பானையைத் திறந்தாள். நடுவிலே குழி விழுந்து, மேலே தண்ணீர் பிரிந்து, மூக்கைத் துளைக்கிற புளிப்பு வாடை. அவள் அதைக் கண்டு அசரவில்லை. ஒரு தேக்கரண்டி சோடா மாவு, அதன்மேல் இன்னும் கொஞ்சம் உப்பு, ஒரு கலக்கு. "இப்படிப் போட்டாத்தாண்ணே இங்க இட்லி எழும்புது. இந்த ஊரு தண்ணி அப்படி" என்றாள். அம்மா அந்த இட்லியைத்தான் தினமும் பசியாறுகிறார்.

குற்றம் தண்ணீரில் இல்லை. அது என்ன என்று தெரிய வேண்டுமானால், மாவுக்குள் இரவில் நடப்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பலர் நினைப்பது போல இட்லி மாவை எழுப்புவது ரொட்டிக்குப் போடுகிற ஈஸ்ட் அல்ல. 1965-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் இட்லி மாவைச் சோதித்து, அதை எழுப்புவது லியூகோநாஸ்டாக் என்ற ஒரு பாக்டீரியா என்று காட்டினார்கள். இது வெளியே இருந்து நாம் கொண்டுவந்து சேர்ப்பது அல்ல. உளுந்திலும் அரிசியிலும் இயற்கையாகவே ஒட்டியிருக்கிறது. ஊறும்போது விழித்துக்கொள்கிறது. அரைத்த மாவில் உள்ள சர்க்கரைப் பொருளைத் தின்று, காற்றையும் கொஞ்சம் புளிப்பையும் வெளியே விடுகிறது. அந்தக் காற்றுதான் மாவைத் தூக்குகிறது.

காற்று உண்டானால் மட்டும் போதாது, அதைப் பிடித்து வைக்க ஏதாவது வேண்டும். அந்த வேலையைச் செய்வது உளுந்து. உளுந்தை அரைக்கும்போது கையில் வழவழவென்று ஒட்டுகிறதே, அந்தப் பசையும் உளுந்தின் புரதமும் சேர்ந்து காற்றைச் சின்னச் சின்னக் குமிழாகப் பிடித்து வைக்கின்றன. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வுக் கழகத்தில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். வெகுநாள் கடையில் கிடந்த பழைய உளுந்தில் இந்தப் பசை குறைந்துவிடும். அப்போது கிருமி எவ்வளவு காற்று விட்டாலும் அது வெளியே ஓடிவிடும். அரைத்த உளுந்தில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் நல்ல உளுந்து, நன்றாக அரைபட்டிருக்கிறது. மூழ்கினால் இன்னும் அரைக்க வேண்டும், அல்லது உளுந்தே பழசு.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மாவில் ஒரு கிருமி மட்டும் வேலை செய்வதில்லை. முதலில் லியூகோநாஸ்டாக் பெருகிக் காற்றைத் தருகிறது. நேரம் ஆக ஆக வேறு சில கிருமிகள் தலையெடுக்கின்றன. இவை காற்றை அதிகம் தராமல் புளிப்பை மட்டும் ஏற்றிக்கொண்டே போகும். ஆக மாவு முதலில் பொங்குகிறது, பிறகு புளிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நல்ல நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் மாவை எடுத்துவிட்டால் இட்லி பஞ்சு போல வரும். தவறவிட்டால் காற்று போய், குமிழ் உடைந்து, மாவு அமுங்கி, புளிப்பு மட்டும் மிஞ்சும். என் தங்கச்சி தினமும் பார்த்தது இந்த அமுங்கிய மாவைத்தான். பொங்காத மாவு என்று அவள் நினைத்தது, இரவிலேயே பொங்கி முடிந்து விழுந்துவிட்ட மாவு.

அந்த நல்ல நேரம் எப்போது வரும் என்பதை முடிவு செய்வது வெப்பம். சூட்டில் சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடும். குளிரில் தாமதமாக வரும், ஆனால் கொஞ்சம் நின்று போகும்.

இதைத் தங்கச்சிக்குச் சொன்னால் நம்ப வேண்டுமே. அதனால் அன்று இரவே சோதனை செய்து காட்டினேன். தேக்காவில் வாங்கி வந்த புழுங்கலரிசி 4 கப், தோல் நீக்கிய முழு உளுந்து 1 கப், வெந்தயம் ஒரு தேக்கரண்டி. இது அவள் வழக்கமாகப் போடும் அளவு. அரைத்த மாவில் கொஞ்சத்தை ஒரு நேரான கண்ணாடி ஜாடியில் பாதிக்குக் கீழே ஊற்றி, மாவு நிற்கும் மட்டத்தில் வெளியே ஒரு ரப்பர் வளையம் போட்டோம். சமையலறையில் இரவு 29 டிகிரி. 7 மணிக்கு அரைத்த மாவு, நடு இரவில் நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோதே வளையத்துக்கு மேலே நன்றாக ஏறியிருந்தது. அதிகாலை 3 மணிக்கு இரண்டு பங்கு உயரம், மேலே கூரை போல வளைந்து நின்றது. தங்கச்சியையும் எழுப்பிக் காட்டினேன். காலை 6 மணிக்கு அவள் வழக்கமாக எழுந்து வந்து பார்க்கும்போது மாவு இறங்கி, கண்ணாடியில் அது ஏறி நின்ற இடத்தில் வெள்ளைக் கோடு மட்டும் இருந்தது. "அடப்பாவி, நான் தூங்கும்போது எல்லாம் நடந்து முடிஞ்சிருது" என்றாள்.

அவள் எங்கே தவறினாள் என்று யோசித்துப் பார்த்தோம். காலை 7 மணிக்கு வேலைக்குப் போகுமுன் அரிசியையும் உளுந்தையும் ஊறப் போடுவாள். இரவு 7 மணிக்குத்தான் அரைப்பாள். அந்தச் சூட்டில் 12 மணி நேரம் ஊறினால், ஊறும் தண்ணீரிலேயே கிருமி பெருக ஆரம்பித்துவிடுகிறது. கிரைண்டர் ஓடும் சூடு வேறு மாவில் ஏறுகிறது. சீக்கிரம் பொங்கட்டும் என்று பழைய மாவில் ஒரு கரண்டியும் கலப்பாள். மூன்றும் சேர்ந்து வண்டியை மலையிறக்கத்தில் தள்ளிவிட்டது போல ஆகிவிட்டது.

மாற்றம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஊறும் பாத்திரத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு வேலைக்குப் போகச் சொன்னேன். மாலையில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி அரைக்க வேண்டும். பழைய மாவு கலக்க வேண்டாம். உப்பை அரைத்தவுடனே போட வேண்டும், ஏனென்றால் உப்பு கிருமியின் வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். பானையை ஒரு பேசினில் தண்ணீர் ஊற்றி அதில் வைக்க வேண்டும். மறுநாள் காலை 6 மணிக்கு மாவு கூரை கட்டி நின்றது. அன்று சோடா டப்பாவைத் தொடவில்லை.

இப்போது அந்தச் சோடாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அம்மாவின் உடம்பு சம்பந்தப்பட்டது. இரத்த அழுத்தக்காரருக்கு ஆகாதது உப்பில் உள்ள சோடியம். ஒரு நாளைக்கு எல்லா உணவிலும் சேர்த்து 2000 மில்லிகிராமுக்குக் குறைவாகச் சோடியம் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சமையல் உப்புக் கணக்கில் அது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ஒரு தேக்கரண்டி சோடா மாவில் 1200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. அது உப்பாகக் கரிக்காது, அதனால் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. வயிற்றுப் பொருமலுக்குக் குடிக்கிற நுரைக்கும் பழ உப்புத் தூளை மாவில் போடுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். சோடா ஒரு பானை மாவு முழுவதும் பரவுகிறது. நாற்பது இட்லி வந்தால் ஓர் இட்லிக்குச் சோடாவால் 30 மில்லிகிராம் அளவுதான் சேரும். அதே பானையில் 2 தேக்கரண்டி உப்புப் போட்டிருந்தால், அதனால் ஓர் இட்லிக்கு 115 மில்லிகிராம் அளவு சேரும். ஆக உப்புதான் பெரிய பங்கு, சோடா அதன்மேல் வீணாக ஏறுகிற சுமை. அம்மா 4 இட்லி சாப்பிட்டால் இரண்டும் சேர்ந்து 580. தங்கச்சி புளிப்பை மறைக்கக் காலையில் போட்ட கூடுதல் உப்பைச் சேர்த்தால் அதற்கும் மேலே. நாளின் முதல் வேளையிலேயே, சாம்பாரையும் சட்னியையும் சேர்க்காமல், கால் பங்குக்கு மேல் போய்விட்டது. மாவு சரியான நேரத்தில் எடுக்கப்பட்டால் சோடாவும் வேண்டாம், கூடுதல் உப்பும் வேண்டாம். உப்பையே ஒரு தேக்கரண்டியாகக் குறைத்தாலும் இட்லி எழும்பும். இன்னொரு நஷ்டமும் உண்டு. தயாமின் என்கிற பி1 வைட்டமின் சோடாவின் காரத்தில் அழிந்துபோகும்.

இனிக் குளிர் இடத்துக்கு வருவோம். என் அண்ணி குடும்பம் கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது. அங்கே இரவில் 15, 16 டிகிரிக்கு இறங்கும். சைனாடவுன் கதையைப் போனில் சொன்னேன். "உங்க தங்கச்சிக்கு அந்தக் கவலை, எனக்கு மாவு அசையவே மாட்டேங்குது தம்பி. காலையில பாத்தா ராத்திரி ஊத்தின மாதிரியே கிடக்கு" என்றார். அதே அரிசி, அதே அளவு, அதே உளுந்துதான். அவரையும் ஒரு ஜாடியில் ரப்பர் வளையம் போடச் சொன்னேன். 12 மணி நேரத்தில் வளையத்தை விட்டு மேலே வரவில்லை. மறுநாள் மாலையில் ஓரத்தில் சில குமிழ்கள். இரண்டாம் இரவு 9 மணிக்குத்தான், அதாவது 26 மணி நேரம் கழித்து, ஒன்றரைப் பங்கு ஏறியது. ஆக அந்த மாவில் உயிர் இருக்கிறது, நேரம்தான் போதவில்லை. அண்ணி அதுவரை காலையில் பார்த்துவிட்டுக் கெட்டுப்போனது என்று இரண்டு மூன்று தடவை கொட்டியிருக்கிறார்.

குளிரில் செய்ய வேண்டியது, சூட்டில் செய்ததற்கு நேர் எதிர். உளுந்தை 4 மணி நேரம், அரிசியை 6 மணி நேரம் நன்றாக ஊறவிடலாம். அரைக்கும்போது இளஞ்சூடான தண்ணீர் ஊற்ற வேண்டும். குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு போதும், அதற்கு மேல் போகக் கூடாது. கொதிநீரை ஊற்றினால் உளுந்தோடு வந்த கிருமி செத்துவிடும், பிறகு எத்தனை நாள் வைத்தாலும் பொங்காது. நல்லபடி பொங்கிய பழைய மாவு இருந்தால் ஒரு கரண்டி சேர்க்கலாம். மிகவும் புளித்த மாவைச் சேர்க்கக் கூடாது, அதில் புளிப்புக் கிருமிதான் மிகுதியாக இருக்கும். உப்பைப் பொங்கிய பிறகு போட்டால் போதும். கையால் கலக்குவது நல்லது. ராசியான கை என்று சொல்வார்கள். அதில் உள்ள உண்மை, கை கொடுக்கும் வெதுவெதுப்பும் அரிசி மாவும் உளுந்து மாவும் நன்றாகச் சேர்வதும்தான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கலக்கவும். கிருமி உளுந்தில் இருக்கிறது, கை அழுக்கிலிருந்து வர வேண்டியதில்லை.

பிறகு பானைக்கு ஒரு வெதுவெதுப்பான இடம் வேண்டும். மலையில் காய்கறி அனுப்பும் வெள்ளை நுரைப்பெட்டி எல்லா வீட்டிலும் கிடைக்கும். அண்ணி அதைக் கழுவி, மூடிய மாவுப் பானையை உள்ளே வைத்து, பக்கத்தில் சுடுதண்ணீர் ஊற்றிய ஒரு பாட்டிலைத் துணி சுற்றி வைத்தார். படுக்கப் போகுமுன் ஒரு தடவை தண்ணீரை மாற்றினார். பெட்டிக்குள் 27, 28 டிகிரி நின்றது. 12 மணி நேரத்தில் மாவு இரண்டு பங்கு. பாட்டிலைப் பானையோடு ஒட்டி வைக்க வேண்டாம், ஒரு பக்கம் மட்டும் வெந்துபோகும். எரிகிற அடுப்புக்குப் பக்கத்திலும் வைக்க வேண்டாம். 35 டிகிரிக்கு மேலே போனால் காற்று தரும் கிருமி தளர்ந்து புளிப்புக் கிருமி முந்திக்கொள்ளும். உடம்புக் காய்ச்சல் பார்க்கிற பாதரசக் கம்பியை மாவுக்குள் விட்டுப் பார்க்க வேண்டாம், அது 35-க்குக் கீழே காட்டாது, உடைந்தால் பாதரசம் விஷம். சுவரில் மாட்டுகிற அறை வெப்பமானி போதும்.

நம்மில் பெரும்பாலோர் இந்த இரண்டுக்கும் நடுவில், ரப்பர் தோட்டத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் இருக்கிறோம். இரவில் 25, 26 டிகிரி. இங்கே 10 முதல் 12 மணி நேரம் பிடிக்கும். பெரட்டுக்குப் போகிற வீட்டில் விடியற்காலை 4:30-க்கு இட்லி ஊற்ற வேண்டும் என்றால், அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மாலை 6 மணிக்கு மாவு பானையில் இருக்க வேண்டும். அதற்கு மதியம் 1 மணிக்கு அரிசியும், 3 மணிக்கு உளுந்தும் ஊறியாக வேண்டும். டிசம்பர், ஜனவரி மழைக் காலத்தில் இன்னும் 2 மணி நேரம் முன்னதாகத் தொடங்குங்கள். சிங்கப்பூரிலும் அந்த மழையில் இதே மாற்றம் வேண்டும். தங்கச்சி டிசம்பரில் பேசினில் தண்ணீர் வைத்த பழக்கத்தை விடாமல் செய்து, காலையில் பொங்காத மாவோடு எனக்குப் போன் போட்டாள். மழை நாளில் பேசின் வேண்டாம், சாதாரணத் தண்ணீரில் அரை என்றேன், சரியானது.

எப்போதும் பானையில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், ஏறுவதற்கு இடம் வேண்டும். மாவு இட்லிக்குக் கெட்டியாகவே இருக்கட்டும். தண்ணீராக இருந்தால் குமிழ் நிற்காது. நல்ல நேரம் வந்ததா என்று பார்க்க, மூடியைத் திறந்து ஓரத்தில் கரண்டியால் மெதுவாகக் கோதிப் பாருங்கள். உள்ளே பஞ்சுபோலக் குமிழ், மோர் போன்ற லேசான புளிப்பு வாசனை இருந்தால் சரி. பச்சை உளுந்து வாசனை அடித்தால் இன்னும் நேரம் வேண்டும். நடுவில் குழி விழுந்து தண்ணீர் பிரிந்திருந்தால் நேரம் தாண்டிவிட்டது, அதை இட்லிக்கு வற்புறுத்தாமல் வெங்காயம் போட்டு ஊத்தப்பமாகச் சுடுங்கள்.

பொங்கியதும் கலக்கி அடித்துவிடாமல், வேண்டியதை எடுத்துக்கொண்டு, மீதியைச் சின்னச் சின்னப் பாத்திரங்களில் பிரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பெரிய பானையோடு வைத்தால் நடுவில் சூடு இறங்க வெகுநேரம் ஆகும், அதுவரை உள்ளே புளித்துக்கொண்டே இருக்கும். 3, 4 நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். ஒரு பாத்திரத்தை வெளியே எடுத்தால் அதை முடித்துவிடுங்கள், திரும்பத் திரும்ப உள்ளே வெளியே போட வேண்டாம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. மாவின்மேல் இளஞ்சிவப்பு, பச்சை, கறுப்பு என்று ஏதாவது நிறம் படர்ந்தாலும், பூஞ்சை பூத்தாலும், அழுகல் வாடை வந்தாலும் அது புளிப்பு அல்ல, கெடுதல். மேலே மட்டும் வழித்துப் போட்டுவிட்டு அடியில் உள்ளதை வேகவைக்கலாம் என்று நினைக்காதீர்கள். பூஞ்சையின் விஷம் கண்ணுக்குத் தெரியாமல் கீழேயும் இறங்கியிருக்கும், சில விஷங்கள் ஆவியில் வெந்தாலும் போகாது. அந்தப் பானை மாவை முழுவதும் கொட்டி, பானையைச் சுடுநீரில் கழுவி வெயிலில் காயவையுங்கள்.

உங்கள் வீட்டில் இன்றைக்கே ஒரு கண்ணாடி ஜாடியும் ஒரு ரப்பர் வளையமும் எடுத்து வையுங்கள். அரைத்த நேரத்தையும், மாவு இரண்டு பங்கு ஆன நேரத்தையும் காலண்டரில் குறித்து வாருங்கள். ஒரு வாரத்தில் உங்கள் வீட்டுக்கு எத்தனை மணி நேரம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அம்மா இப்போது சோடா இல்லாத இட்லிதான் சாப்பிடுகிறார். "இப்பதான் ஊர் இட்லி மாதிரி இருக்கு" என்று சொன்னதாகத் தங்கச்சி போனில் சொன்னாள்.